ஐந்து நிமிடம் கழித்தும் 152 வோல்ட்: பழைய எஸ்எம்பிஎஸ் கெபாசிட்டர் கணக்குப்படி இறங்கவில்லை

#1 மணல்மேடு

எல்லோருக்கும் வணக்கம். பழைய கணினி எஸ்எம்பிஎஸ் ஒன்று கையில் இருக்கிறது. பின்பக்கம் 115/230 என்று சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருக்குமே, அந்த வகை. ஸ்டாண்ட்பை எல்லாம் இல்லாத ஏடி காலத்துச் சரக்கு. தூக்கிப் போட மனசில்லாமல் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே 470 மைக்ரோஃபாரட், 200 வோல்ட் கெபாசிட்டர் இரண்டு தொடராக நிற்கின்றன. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு 220 கிலோஓம் ரெசிஸ்டர். ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் இரண்டும் ஷார்ட் ஆகியிருந்ததால் அவற்றையும், பேஸ் பக்கத்துச் சில்லறைப் பொருட்களையும் கழற்றிவிட்டேன். ஆக இப்போது இருப்பது பிரிட்ஜ், இரண்டு கெபாசிட்டர், இரண்டு ரெசிஸ்டர், அவ்வளவுதான். சார்ஜ் இறங்குவதற்கு அந்த ரெசிஸ்டர்களை விட்டால் வேறு வழி இல்லை.

சீரிஸ் லேம்ப் போட்டு ஒரு 10 விநாடி கரண்ட் கொடுத்தேன். பிளக்கைப் பிடுங்கியதும் இரண்டுக்கும் சேர்த்து மல்டிமீட்டரை வைத்து, எடுக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிடுங்கியவுடன் 324 வோல்ட்
1 நிமிடத்தில் 244
2 நிமிடத்தில் 200
3 நிமிடத்தில் 176
5 நிமிடத்தில் 152

220 கிலோஓமை 470 மைக்ரோஃபாரட்டால் பெருக்கினால் டைம் கான்ஸ்டன்ட் 103 விநாடி வருகிறது. 5 நிமிடம் என்பது கிட்டத்தட்ட மூன்று டைம் கான்ஸ்டன்ட். 17, 18 வோல்ட்தான் மிச்சம் இருக்க வேண்டும். இங்கே பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்ததோடு சரி. ரெசிஸ்டர் இரண்டும் தொடர் என்பதால் 440 கிலோஓம் என்று எடுத்து 206 விநாடி என்று போட்டாலும் 75 வோல்ட்தான் வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

#2 ஓம்ஸ்லா

தப்பு ஒன்றும் இல்லை, அவசரம்தான். ஐந்து டைம் கான்ஸ்டன்ட் ஆனால்தான் காலி என்று எடுத்துக்கொள்ள முடியும். ஒரு டைம் கான்ஸ்டன்ட்டில் பாதியாகும், அடுத்ததில் அதில் பாதி, இப்படியே ஐந்து தடவை. உங்கள் கணக்குப்படி 515 விநாடி, அதாவது எட்டரை நிமிடம். 10 நிமிடம் விட்டுவிட்டுத் தொடுங்கள், பிரச்சினை முடிந்தது.

#3 மிக்ஸிக்காரர்

எனக்கும் இதே தொல்லை. லேப்டாப் சார்ஜரைச் சுவரிலிருந்து உருவியதும் பிளக்கின் பித்தளைக் காலில் விரல் பட்டால் சுரீர் என்கிறது. சில சார்ஜரில்தான், எல்லாவற்றிலும் இல்லை. அதுவும் இந்தப் பெரிய கெபாசிட்டர்தானா?

#4 வாத்தியாரம்மா

ஓம்ஸ்லா தம்பி, ஐந்து டைம் கான்ஸ்டன்ட் என்பது சரி, பாதி என்பது தவறு. ஒரு டைம் கான்ஸ்டன்ட்டில் மிஞ்சுவது 37 சதவீதம். பாதியாக வேண்டுமென்றால் அதில் 0.693 பங்கு நேரம் போதும். ஐந்து தடவை பாதியாக்கினால் 3 சதவீதம் மிஞ்சும். ஐந்து தடவை 37 சதவீதமாக்கினால் 0.7 சதவீதம்கூட இல்லை. 324 வோல்ட்டில் அது 2 வோல்ட் சொச்சம்.

இன்னொன்று, ஐந்து என்ற எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு வோல்ட் வரை இறங்கினால் எனக்குப் போதும்" என்பது. காய்ந்த கைக்கு டிசியில் 60 வோல்ட் என்று வரம்பு வைத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் 324-ஐ 60-ஆல் வகுங்கள், 5.4. அதன் இயல் மடக்கை 1.69. அதை டைம் கான்ஸ்டன்ட்டால் பெருக்கினால் நேரம் வந்துவிடும்.

```
V = V0 × e^(-t/RC)
t = RC × ln(V0/V)
t = 103 × ln(324/60) = 174 s
```

கால்குலேட்டரில் ln பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். log பொத்தானை அழுத்திவிட்டு 0.73 என்று எழுதி வந்த மாணவர்களை முப்பது வருடம் பார்த்திருக்கிறேன்.

ஆகக் கணக்குப்படி மூன்று நிமிடத்துக்குள் 60 வந்திருக்க வேண்டும். மணல்மேடு சொல்லும் 176 எந்தக் கணக்கிலும் வராது. தொடராக இருக்கும்போது ரெசிஸ்டர் 440 ஆகிறது, உண்மை. ஆனால் கெபாசிட்டர் 235 ஆகிவிடுகிறதே. பெருக்கினால் திரும்ப அதே 103. 440-ஐயும் 470-ஐயும் சேர்த்துப் பெருக்கக் கூடாது.

#5 மூன்றாம்செமஸ்டர்

மேடம், ஒரு சந்தேகம். ரெசிஸ்டர் அதேதான், கெபாசிட்டர் அதேதான். அப்புறம் ஏன் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை? டாங்கில் ஓட்டை போட்ட மாதிரி என்று சார் சொன்னார். மேலே தண்ணீர் அதிகம் இருந்தால் அழுத்தம் அதிகம், அதனால் முதலில் வேகமாக இறங்கும், அப்புறம் மெதுவாகும். அதே கணக்குதானே?

#6 வாத்தியாரம்மா

பாதி வரைக்கும் அந்த உவமை ஓடும். ஆனால் ஓட்டையில் தண்ணீர் பாயும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரம் நான்கில் ஒரு பங்கு ஆனாலும் வேகம் பாதிதான் ஆகும். அதனால் அந்த டாங்க் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் உண்மையிலேயே காலியாகிவிடும். ரெசிஸ்டரில் அப்படி இல்லை. வோல்ட் நான்கில் ஒரு பங்கு ஆனால் கரண்டும் சரியாக நான்கில் ஒரு பங்கு. இருப்பதில் ஒரு குறிப்பிட்ட பங்கைத்தான் ஒவ்வொரு விநாடியும் எடுத்துக்கொண்டு போகும்.

அதனால்தான் எங்கிருந்து கடிகாரத்தை ஓட விட்டாலும் பாதியாக ஆகும் நேரம் ஒன்றேதான். 300-லிருந்து 150-க்கு ஆகும் நேரமும் 20-லிருந்து 10-க்கு ஆகும் நேரமும் சமம். டாங்கில் இது வராது. உங்கள் சாருக்குச் சண்டை மூட்ட வேண்டாம், மெல்லிய நீளக் குழாய் வழியாக மெதுவாக வடியும் டாங்க் என்று மாற்றிச் சொன்னால் உவமை சரியாகிவிடும்.

#7 ஈயப்பற்று

மணல்மேடு தம்பி, நீங்கள் எழுதிய எண்களிலேயே விடை இருக்கிறது. வாத்தியாரம்மா இப்போது சொன்னதை வைத்தே பாருங்கள். ஒவ்வொரு நிமிடமும் எத்தனை பங்கு மிஞ்சுகிறது என்று வகுத்துப் பாருங்கள்.

244-ஐ 324-ஆல் வகுத்தால் 0.75. 200-ஐ 244-ஆல் வகுத்தால் 0.82. 176-ஐ 200-ஆல் வகுத்தால் 0.88. கடைசி இரண்டு நிமிடத்துக்கு 0.86, அதாவது நிமிடத்துக்கு 0.93.

ஒரு கெபாசிட்டர் ஒரு ரெசிஸ்டர் வழியாக இறங்கினால் இந்தப் பங்கு மாறவே கூடாது. ரெசிஸ்டரின் மதிப்பு தப்பாக இருக்கலாம், கெபாசிட்டர் பழசாகி வற்றியிருக்கலாம், அப்போதும் பங்கு வேறு எண்ணாக இருக்குமே தவிர நிமிடத்துக்கு நிமிடம் ஒன்றாகத்தான் இருக்கும். உங்களுடையது ஏறிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் அங்கே இறங்குவது ஒன்று இல்லை, இரண்டு. ஒன்று சரசரவென்று இறங்குகிறது, இன்னொன்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் மீட்டரில் பார்ப்பது இரண்டின் கூட்டுத்தொகை.

அசையாத ஒன்று சுமார் 150-இல் நிற்கிறது. 324-இல் பாதி எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு 220 கிலோஓம் ஓப்பன் ஆகியிருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு கெபாசிட்டரையும் தனித்தனியாக அளந்து போடுங்கள்.

இன்னொரு விஷயம், அவசரம். அதைக் கண்டுபிடிக்கும் வரை மறுபடி நீண்ட நேரம் கரண்ட் கொடுக்காதீர்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். அளந்து முடித்ததும் கெபாசிட்டர் இரண்டையும் காலி செய்துவிட்டு ரெசிஸ்டரைத் தொடுங்கள்.

#8 ஓம்ஸ்லா

பாதி விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈயப்பற்று அண்ணா, ரெசிஸ்டர் ஓப்பன் என்று நேராகப் போவானேன்? மல்டிமீட்டர் உள்ளே 10 மெகாஓம் இருக்கிறதே, அது கணக்கைக் கெடுத்திருக்கலாம் அல்லவா?

#9 ஈயப்பற்று

மீட்டர் கெடுக்கும், ஆனால் எந்தப் பக்கம் கெடுக்கும் என்று யோசியுங்கள். 10 மெகாஓம் என்பது இன்னொரு வழி. வழி கூடினால் சீக்கிரம் இறங்கும், தாமதம் ஆகாது. அதுவும் 440 கிலோஓமோடு இணையாகச் சேரும்போது 421 ஆகிறது, 4 சதவீதம்தான் வித்தியாசம்.

ப்ளீடர், அதாவது சார்ஜை வடிக்கும் அந்தக் குறுக்கு ரெசிஸ்டர், இல்லாத கெபாசிட்டரில் மட்டும் மீட்டர் பெரிய ஆள். அங்கே மீட்டர்தான் ஒரே வழி. 470 மைக்ரோஃபாரட் 10 மெகாஓமில் 4700 விநாடி, ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். மீட்டரை எடுத்துவிட்டால் அதுவும் இல்லை, கெபாசிட்டரின் உள்கசிவுதான். அதனால்தான் ப்ளீடர் போன சப்ளையை மூலையில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்தாலும் சில சமயம் கடிக்கும்.

மிக்ஸிக்காரர் அண்ணே, உங்களுடையது வேறு. பிரிட்ஜ் டையோடு தாண்டி உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் பிளக் கால் வரை திரும்பி வராது. நீங்கள் வாங்குவது ஏசி பக்கம் லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருக்கும் மஞ்சள் டப்பி, எக்ஸ் கெபாசிட்டர். 0.47 மைக்ரோஃபாரட் மாதிரி இருக்கும். அதன் குறுக்கே 1 மெகாஓம் இருந்தால் டைம் கான்ஸ்டன்ட் 0.47 விநாடி, கை பிளக் காலுக்குப் போவதற்குள் இறங்கிவிடும். ஐஇசி 60950-1 என்ற தரவிதியே சுவரில் செருகும் சாதாரணக் கருவிக்கு இந்த டைம் கான்ஸ்டன்ட் 1 விநாடிக்கு மேல் போகக் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. அந்த ரெசிஸ்டர் போடாமல் காசு மிச்சம் பிடித்த சார்ஜர் உங்களைச் சுரீர் என்கிறது.

#10 மிக்ஸிக்காரர்

அட, விதியிலேயே டைம் கான்ஸ்டன்ட் என்று எழுதியிருக்கிறார்களா! ஆனால் ஒவ்வொரு தடவையும் கடிப்பதில்லையே. பத்துக்கு மூன்று தடவைதான்.

#11 வாத்தியாரம்மா

அது நீங்கள் உருவும் கணத்தைப் பொறுத்தது. ஏசி அலை உச்சியில் இருக்கும்போது உருவினால் கெபாசிட்டரில் 325 வோல்ட் மாட்டிக்கொள்ளும். பூஜ்ஜியத்தைக் கடக்கும்போது உருவினால் ஒன்றும் இல்லை. லாட்டரி மாதிரி.

#12 மணல்மேடு

ஈயப்பற்று அண்ணா, கையைக் கொடுங்கள்.

இரண்டையும் காலி செய்துவிட்டு, மறுபடி அதே 10 விநாடி கரண்ட் கொடுத்துப் பிடுங்கினேன். மீட்டரை மேல் கெபாசிட்டரில் மட்டும் வைத்தேன். 154, ஒரு நிமிடத்தில் 80, இரண்டு நிமிடத்தில் 42, மூன்று நிமிடத்தில் 22. வகுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு நிமிடமும் 0.52. உடனே மீட்டரைக் கீழ்க் கெபாசிட்டருக்கு மாற்றினேன். 166! மூன்று நிமிடத்துக்குப் பிறகு!

காலி செய்துவிட்டு ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கி அளந்தேன். மேல் ரெசிஸ்டர் 220 கிலோஓம். கீழ் ரெசிஸ்டர் மீட்டரில் OL, அதாவது ஓப்பன். வெளியே பார்த்தால் ஒரு கருப்புகூட இல்லை, கலர் பட்டைகள் பளிச்சென்று இருக்கின்றன.

இரண்டு சந்தேகம். மேல் கெபாசிட்டர் 154-இல் ஆரம்பிக்கிறதே, 162 அல்லவா வர வேண்டும்? அப்புறம், 0.52-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் டைம் கான்ஸ்டன்ட் 92 விநாடி வருகிறது, 103 இல்லை.

#13 ஈயப்பற்று

இரண்டாவது சந்தேகத்தை முதலில் முடிப்போம், அது சின்னது. 60 விநாடியை ln(154/80)-ஆல் வகுத்து 92 எடுத்திருக்கிறீர்கள், சரி. 220 கிலோஓமோடு மீட்டரின் 10 மெகாஓம் இணையாக 215. 92-ஐ 215 கிலோஓமால் வகுத்தால் 427 மைக்ரோஃபாரட். டப்பியில் 470 என்று எழுதியிருக்கிறது, எலக்ட்ரோலிட்டிக்குக் கூட்டிக் குறைத்து 20 சதவீதம் சாதாரணம். ஒன்பது சதவீதம் குறைவு பெரிய விஷயமே இல்லை. கெபாசிட்டன்ஸ் மீட்டர் இல்லாத கடையில் கடிகாரமும் வோல்ட் மீட்டரும் வைத்து இப்படித்தான் அளப்போம்.

முதல் சந்தேகம்தான் முக்கியம். நீண்ட நேரம் கரண்ட் கொடுக்காதீர்கள் என்று சொன்னதும் இதற்காகத்தான்.

பிளக் போட்ட கணத்தில் இரண்டு கெபாசிட்டரும் பாதிப் பாதியாக 162 எடுத்துக்கொண்டன. மேலே ரெசிஸ்டர் இருக்கிறது, அது மேல் கெபாசிட்டரை இறக்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் பிரிட்ஜ் மொத்தத்தை 324-இல் பிடித்து வைத்திருக்கிறது. மேலே குறைந்தது எங்கே போகும்? கீழேதான் ஏறும். 10 விநாடியில் மேலே 154, கீழே 170. மொத்தம் 324, நீங்கள் முதலில் பார்த்தது.

இந்த நகர்வுக்கும் ஒரு டைம் கான்ஸ்டன்ட் உண்டு. ரெசிஸ்டர் ஒன்று, 220 கிலோஓம். ஆனால் நடுப்புள்ளி நகர வேண்டுமென்றால் இரண்டு கெபாசிட்டரும் சேர்ந்து நகர வேண்டும், அதனால் 427-உம் 427-உம் கூட்டி 854. பெருக்கினால் 188 விநாடி. மின்சாரம் வந்துகொண்டே இருந்தால் மேல் கெபாசிட்டர் 162-லிருந்து பூஜ்ஜியத்தை நோக்கிப் போகும், கீழ்க் கெபாசிட்டர் 324-ஐ நோக்கிப் போகும். கீழே 200-ஐத் தொடும்போது மேலே 124 இருக்கும். 188-ஐ ln(162/124)-ஆல் பெருக்குங்கள். 50 விநாடி.

ஒரு நிமிடம் முழுசாக விட்டிருந்தால் உங்கள் 200 வோல்ட் கெபாசிட்டர் தன் எல்லையைத் தாண்டியிருக்கும். அந்த ரெசிஸ்டர் வெறும் ப்ளீடர் இல்லை. ஓடும்போது இரண்டுக்கும் சமமாகப் பங்கு போட்டுத் தருவதும் அதுதான். கீழ்க் கெபாசிட்டரின் தலையைப் பாருங்கள், லேசாக உப்பியிருக்கிறதா?

#14 மணல்மேடு

உப்பியிருக்கிறது. விரலால் தடவினால்தான் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே இருப்பது தட்டையாக இருக்கிறது.

சீரிஸ் லேம்ப் போட்டதால் பாதுகாப்பு என்று நினைத்து முதலில் அரை மணி நேரம் விடலாம் என்று இருந்தேன்.

#15 ஓம்ஸ்லா

சீரிஸ் லேம்ப் ஷார்ட்டுக்குத்தான் காவல். இங்கே ஷார்ட் இல்லையே, கரண்ட் ஒரு மில்லிஆம்பியர் பக்கம்தான். பல்பு எரியக்கூட எரியாது, அதன் வழியாக முழு வோல்ட்டும் போய்ச் சேரும். (இந்தத் தடவை சரியாகச் சொல்கிறேனா?)

#16 ஈயப்பற்று

நூற்றுக்கு நூறு.

#17 மூன்றாம்செமஸ்டர்

அப்படியென்றால் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதற்கும் இந்த ரெசிஸ்டர்தான் காரணமா?

#18 ஈயப்பற்று

அப்படித்தான் நினைக்கத் தோன்றும். நடுப்புள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அரைப் பால அமைப்பில் ஒரு டிரான்சிஸ்டர் தன் அரைச்சுற்றில் கூடுதல் வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மருக்குத் தள்ளும். ஆனால் பிரைமரியோடு தொடராக ஒரு கெபாசிட்டர் இருக்கும், அது டிசி சாய்வைத் தடுத்துவிடும். அதனால் ரெசிஸ்டர்தான் கொன்றது என்று சத்தியம் செய்ய மாட்டேன். டிரான்சிஸ்டர் முதலில் போயும் இருக்கலாம்.

#19 வாத்தியாரம்மா

எனக்கு இன்னொன்று உறுத்துகிறது. 162 வோல்ட்டில் 220 கிலோஓம் எடுப்பது 0.12 வாட். கால் வாட் ரெசிஸ்டர்கூடத் தாங்க வேண்டும். பின் ஏன் ஓப்பன் ஆனது?

#20 ஈயப்பற்று

அம்மா, கணக்குக்குத் தாங்கும். கடையில் பார்ப்பது வேறு. நூறு கிலோஓமுக்கு மேல் உள்ளது, எப்போதும் டிசி ஏறிக்கொண்டே இருப்பது, பக்கத்தில் சூடான ஹீட்சிங்க்: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ரெசிஸ்டர் நிறம் மாறாமலே செத்துக் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே படலம் மெல்லியதாக இருப்பதால் ஈரம் புகுந்து அரித்துவிடுகிறது என்பார்கள். இவருடைய ரெசிஸ்டர் எதனால் போனது என்று வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

#21 கருப்புக்கோட்டு

இவ்வளவு பேச்சு எதற்கு? ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்தால் டப் என்று ஒரு சத்தம், முடிந்தது. நாற்பது வருடமாக அப்படித்தான்.

#22 ஈயப்பற்று

உங்கள் ஸ்குரூ டிரைவரின் முனை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் அண்ணே, என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது.

இரண்டும் சேர்ந்து 213 மைக்ரோஃபாரட், 324 வோல்ட்டில் 11 ஜூல். அது ஒரு மில்லிவிநாடிகூட எடுக்காமல் ஒரு புள்ளியில் இறங்குகிறது. போர்டின் செப்புத் தடம் கிளம்பும், கெபாசிட்டரின் உள் இணைப்பு நோகும், உருகிய துளி கண்ணுக்கு வரும். 2.2 கிலோஓம், 10 வாட் வயர்வவுண்ட் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் காப்பு வயர் பற்ற வைத்து வைத்துக்கொண்டால் போதும். டைம் கான்ஸ்டன்ட் அரை விநாடி, 60 வோல்ட்டுக்கு ஒரு விநாடிக்குள் வந்துவிடும். முதல் கணத்தில் 48 வாட் அதன் மேல் விழும், ஆனால் கால் விநாடியிலேயே அது 17-க்கு வந்துவிடும், வயர்வவுண்ட் அதைத் தாங்கும். கால் வாட் ரெசிஸ்டரை வைத்துவிடாதீர்கள், பட்டென்று வெடிக்கும்.

இன்னொன்று: காலி செய்ததும் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஒரு நிமிடம் கழித்து அளந்தால் சில வோல்ட் திரும்ப எழுந்து நிற்கும். கெபாசிட்டரின் உள்ளே ஆக்சைடு அடுக்கில் ஊறிப்போன சார்ஜ் மெதுவாக வெளியே வருவது அது. இந்த அளவில் கொல்லாது, ஆனால் கை உதறி எங்கேயாவது இடித்துக்கொள்ளலாம்.

#23 கருப்புக்கோட்டு

பல்பு வைத்து இறக்கலாமே? அணையும்போது தெரிந்துவிடுமே காலி என்று.

#24 வாத்தியாரம்மா

பல்பு அணைவது காலியான அடையாளம் இல்லை. இழை சூடாக இருக்கும்போது ஒரு ரெசிஸ்டன்ஸ், குளிர்ந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு. அதனால் அது ஒரே டைம் கான்ஸ்டன்ட்டில் இறங்காது. இன்னும் கொஞ்சம் வோல்ட் மிச்சம் இருக்கும்போதே ஒளி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பல்பில் இறக்கினாலும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

#25 கருப்புக்கோட்டு

மீட்டர் வைக்கத்தான் வேண்டுமென்றால் பல்பே போதும் என்றுதான் சொல்கிறேன். குளிரக் குளிர ரெசிஸ்டன்ஸ் குறைவது நமக்கு லாபம்தானே, கடைசியில் வேகமாக இறங்கும். நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

#26 ஈயப்பற்று

அந்தக் கடைசிப் பாயிண்ட் உண்மைதான், மறுக்க முடியாது.

#27 மணல்மேடு

வேலை முடிந்தது. இரண்டு கெபாசிட்டரையும் புதிதாக மாற்றிவிட்டேன், உப்பாததையும் சேர்த்து. ரெசிஸ்டருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு 100 கிலோஓம் அரை வாட்டைத் தொடராகப் போட்டேன். அப்படிப் போட்டால் ஒவ்வொன்றின் மேலும் 81 வோல்ட்தான் விழும். ஹீட்சிங்க் பக்கமிருந்து கொஞ்சம் தள்ளி நிமிர்த்திப் பற்ற வைத்திருக்கிறேன்.

அளப்பதற்கு முன் கணக்கைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். ரெசிஸ்டர் 400 கிலோஓமோடு மீட்டர் சேர்ந்து 385. கெபாசிட்டர் 235. டைம் கான்ஸ்டன்ட் 90 விநாடி. 60 வோல்ட்டுக்கு 152 விநாடி.

மீட்டரில் வந்தது: 324, 165, 84, 43. மூன்று நிமிடமும் 0.51. 60-ஐத் தாண்டியபோது கைபேசிக் கடிகாரத்தில் 2 நிமிடம் 30 விநாடி. நடுப்புள்ளியில் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தேன், ஐந்து நிமிடம் கரண்டில் வைத்தும் 162-உம் 162-உம்தான்.

டிரான்சிஸ்டர் வாங்க நாளைக்குத்தான் போக வேண்டும்.

#28 மூன்றாம்செமஸ்டர்

அண்ணா, 60-க்கு இன்னும் சீக்கிரம் வர வேண்டுமென்றால் 22 கிலோஓம் போட்டிருக்கலாமே? 15 விநாடியில் வந்திருக்குமே.

#29 ஈயப்பற்று

வரும். 17, 18 விநாடி. ஆனால் ஒவ்வொன்றும் 1.2 வாட் எடுக்கும், இரண்டும் சேர்ந்து இரண்டரை வாட், சப்ளைக்குள் கரண்ட் இருக்கும் நேரம் முழுக்க. ஏடி சப்ளை என்பதால் முன்பக்க ஸ்விட்ச்சை அணைத்தால் நின்றுவிடும், அது வேறு. ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் ஏற்கெனவே சூடு போதும்.

டிரான்சிஸ்டர் வாங்கும்போது இரண்டையும் ஒரே லாட்டில் வாங்குங்கள் தம்பி. பேஸ் பக்கத்துச் சின்ன எலக்ட்ரோலிட்டிக் இரண்டையும் மாற்றிவிடுங்கள். அவை வற்றியிருந்தால் புது டிரான்சிஸ்டரும் முதல் நாளே போய்விடும்.

#30 மிக்ஸிக்காரர்

என் சார்ஜரைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் டப்பி இருக்கிறது, 0.33 என்று எழுதியிருக்கிறது. ரெசிஸ்டருக்கு இடம் அச்சடித்திருக்கிறார்கள், அந்த இடம் காலி. 1 மெகாஓம் கால் வாட் ஒன்று போட்டால் போதுமா?

#31 வாத்தியாரம்மா

டைம் கான்ஸ்டன்ட் 0.33 விநாடி, நேரம் போதும். 325 வோல்ட் உச்சிக்குக் கால் வாட் ரெசிஸ்டரின் வோல்ட் வரம்பு போதாமல் போகலாம். 470 கிலோஓம் இரண்டைத் தொடராகப் போடுங்கள், மணல்மேடு செய்த மாதிரி.